ரெண்டரை கண்டென்சரும் ரெண்டு அறிவாளிகளும்

எங்கள் சேனலில் அதிகம் பேர் பார்த்த வீடியோவில் வேண்டுமென்றே சொன்ன பொய் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் அதை நம்பி ஸ்டூல் மேல் ஏறியவர்கள் பலருக்கு ஃபேன் பழையபடியேதான் சுற்றியது. ஒரு பையனுக்குத் தலைகீழாகச் சுற்றியது. இதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது என்று ஒப்புக்கொள்ள நான் அவ்வளவு நல்லவன் இல்லை. அண்ணனுக்கும் பங்கு உண்டு. யாருக்கு எவ்வளவு என்பதில்தான் இன்னும் தகராறு.

அண்ணன் திண்டுக்கல்லில் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். மோட்டார் பாடியில் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டுவிட்டு, "கீழ் பேரிங் போச்சு" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பாகப் போன நாட்களை அவர் ஞாபகத்தில் வைத்துக்கொள்வதில்லை. நான் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். கண்டென்சர் அளக்கிற வசதி கொண்ட மீட்டர் ஒன்றை வாங்கினேன். வாங்கிய அன்றிலிருந்து எங்கள் சேனலின் விஞ்ஞானப் பிரிவு நான்தான் என்று நானே நியமனம் செய்துகொண்டேன். அவர் கை கேமராவுக்கு முன்னால், என் கை கேமராவுக்குப் பின்னால். ராத்திரி கடையை மூடியபின் அவர் தூங்கப் போவார், நான் யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்து கோடு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வீடியோ, ஃபேன் ஏன் மெதுவாகச் சுற்றுகிறது என்பது பற்றியது. விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வரும் சிங்கிள் ஃபேஸ் கரண்டைக் கொண்டு ஒரு காயிலால் மட்டும் ஃபேனைச் சுற்ற வைக்க முடியாது. சைக்கிளில் ஒரு பெடல் நேர் உச்சியில் இருக்கும்போது ஒற்றைக் காலால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகராதே, அந்த நிலைமைதான். அதனால் ஃபேனுக்குள் இரண்டாவதாக ஒரு ஸ்டார்ட்டிங் காயில் இருக்கிறது. அதில் ஓடும் கரண்டை நேரத்தில் சற்று முன்னால் தள்ளி, இரண்டு கால்களும் மாறி மாறி மிதிப்பதுபோல ஆக்குவது கண்டென்சரின் வேலை. நம் வீட்டு ஃபேன்களில் அதிகம் இருப்பது 2.5 மைக்ரோ ஃபாரட். கடையில் "ரெண்டரை கண்டென்சர்" என்று கேட்டால் போதும்.

அதற்குள் சுருட்டி வைத்திருப்பது பிளாஸ்டிக் படலம். அதன்மேல் மிக மெல்லிய உலோகப் பூச்சு. லைனில் திடீரென்று வோல்டேஜ் எகிறும்போது படலத்தில் ஊசித்துளை விழும். துளையைச் சுற்றியிருக்கும் பூச்சு அந்த நொடியே எரிந்து விலகுவதால் ஷார்ட் ஆகாமல் தப்பித்துக்கொள்ளும். ஆனால் எரிந்த இடம் எரிந்ததுதான், கொஞ்சம் பரப்பு போய்விட்டது. வருஷக்கணக்கில் இப்படித் தேய்ந்து 2.5 என்று அச்சடித்த கண்டென்சர் 1.8, 1.6 என்று வந்து நிற்கும். மேலே "±5%" என்று போட்டிருந்தால் 2.375-க்குக் கீழே போனதுமே அது தன் வாக்கைத் தவறிவிட்டது என்று அர்த்தம். அதோடு சேர்ந்து ஃபேனும் சோம்பலாகும். ஒருநாள் கண்டென்சர் அடியோடு போகும்போது, ஃபேன் முனகிக்கொண்டு அப்படியே நிற்கும். குச்சியால் இறக்கையைத் தள்ளிவிட்டால் எந்தப் பக்கம் தள்ளினீர்களோ அந்தப் பக்கமே சுற்ற ஆரம்பிக்கும்.

இதெல்லாம் வீடியோவில் இருந்தது. இல்லாமல் போனது வேறு.

ஷூட்டிங்கில் அண்ணன் மூன்று காரணங்கள் சொன்னார். முதலில் வோல்டேஜ், அடுத்து பேரிங், கடைசியாகக் கண்டென்சர். அவருடைய பேச்சு வேகத்துக்கு மொத்தம் 14 நிமிஷம் வந்தது. எனக்கு அடிவயிறு கலங்கியது. எங்கள் பழைய அயர்ன் பாக்ஸ் வீடியோவிலும் இப்படித்தான் "மொதல்ல வீட்டு வோல்டேஜைப் பாருங்க" என்று ஆரம்பித்தார். அந்த இடத்தில் பார்வையாளர் கோடு கிணற்றுக்குள் விழுவதை என் கண்ணால் பார்த்திருந்தேன். ஆகவே வோல்டேஜை வெட்டினேன். பேரிங்கையும் வெட்டினேன். கண்டென்சர் மட்டும் மிச்சம், ஆறு நிமிஷம்.

"வோல்டேஜை எங்கடா?"

"அந்த எடத்துல பாதிப் பேர் போயிடறாங்கண்ணே."

"போறவன் போகட்டும்டா. நிக்கிறவனுக்காவது சொல்லணும்ல?"

"எல்லாரும் போய்ட்டா யாருண்ணே நிப்பாங்க?"

அண்ணன் பதில் சொல்லாமல் டீ குடிக்கப் போனார். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். தம்ப்நெயிலில் ஃபேனுக்கு ஒரு தீப்பிழம்பு வேறு ஒட்டினேன். எங்கள் ஃபேன் எதுவும் எரியவில்லை, படத்தில் மட்டும்தான். தம்ப்நெயிலைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் தொட்டுத் திறந்தார்கள் என்கிற கணக்கு எங்களுக்கு வழக்கமாக 4 சதவீதத்தில் இழுபறியாகக் கிடக்கும். இந்தத் தடவை 9-ஐத் தொட்டது. சேனல்களில் பாதி 2-க்கும் 10-க்கும் நடுவில்தான் இருக்கின்றன என்று யூடியூபே எழுதி வைத்திருப்பதால், நாங்கள் மாநில அளவில் ரேங்க் வாங்கிவிட்ட தோரணையில் தெருவில் நடந்தேன்.

இதைவிட மோசம் நாலாவது நிமிஷம். ரீடென்ஷன் கோடு என்பது பொதுவாக இறங்கிக்கொண்டேதான் போகும். பார்ப்பவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். ஆனால் நாலாவது நிமிஷத்தில், அண்ணன் ஒயர்களை கண்டென்சரோடு சேர்க்கிற இடத்தில், கோடு கூம்பு மாதிரி மேலே ஏறி இறங்கியது. அந்த இடத்தை ஜனங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். நான் எடுத்துக்கொண்ட அர்த்தம், அண்ணனின் விரல் லாவகத்தில் தமிழ்நாடு மயங்கிவிட்டது என்பது. அந்த இருபது விநாடியை மட்டும் வெட்டி, பின்னால் தவில் இசை போட்டு, ஷார்ட்ஸாகவும் வெளியிட்டேன்.

அண்ணன் அதை ஒரே ஒரு முறை பார்த்தார். "கட்டவெரல் மறைக்குதுடா" என்றார்.

"என்னண்ணே?"

"எந்த ஒயர் எதுல போகுதுன்னு தெரியல. அதான் ரிவர்ஸ் போட்டுப் போட்டுப் பாக்குறான். நீ மேளம் வேற அடிக்கிற."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. உள்ளுணர்வு, கடைக்கார அகங்காரம், புள்ளிவிவரம் தெரியாத தலைமுறை என்றெல்லாம் மனசுக்குள் திட்டினேன். பிறகு யாருக்கும் தெரியாமல் ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டிப் பார்த்தேன். கட்டைவிரல். முழுக் கட்டைவிரல். அதற்குப் பின்னால் மூன்று ஒயர்களும் சந்திக்கிற அந்த முக்கியமான முடிச்சு.

அண்ணனும் அன்றைக்கு முழுசாக ஜெயிக்கவில்லை என்பதில் எனக்கொரு ஆறுதல். அதே இடத்தில் விரல் மறைத்ததை வாயால் ஈடுகட்ட, "செவப்பு எப்பவுமே ஸ்டார்ட்டிங், மனசுல வச்சுக்கங்க" என்று சொல்லியிருந்தார். அவர் கடைக்கு வரும் ஃபேன்களில் அது பெரும்பாலும் சரிதான். ஆனால் ஒயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாலிடெக்னிக் படிக்கிற பையன் ஒருவன் ஒருநாள் ஃபேனைத் தோளில் சுமந்துகொண்டு கடைக்கே வந்துவிட்டான். "அண்ணே, நீங்க சொன்ன மாதிரியேதான் மாட்டினேன். காத்து மேல அடிக்குது" என்றான். ஃபேன் உற்சாகமாக எதிர்த்திசையில் சுற்றிக் கூரையைக் குளிர்வித்துக்கொண்டிருந்தது. மோட்டார் பாடியில் கை வைக்க முடியாத சூடு வேறு.

இங்கே என் மீட்டருக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. கண்டென்சரைக் கழற்றிவிட்டு, மோட்டாரிலிருந்து வரும் மூன்று ஒயர்களையும் இரண்டிரண்டாக ஓம் அளந்தேன். 150, 210, 360. பெரிய எண் கிடைத்தது சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில். அப்படியானால் இரண்டு காயிலும் வரிசையாக அந்த ஜோடிக்குள் அடக்கம், அதில் சேராத கறுப்புதான் காமன். காமனிலிருந்து 210 காட்டியது மஞ்சள், 150 காட்டியது சிவப்பு. பெரும்பாலான சீலிங் ஃபேன்களில் கூடுதல் ஓம் காட்டுவது ஸ்டார்ட்டிங் காயில். ஆக இந்த ஃபேனில் சிவப்பு ரன்னிங். கண்டென்சரின் இரண்டு முனையும் ரன்னிங்குக்கும் ஸ்டார்ட்டிங்குக்கும் போக வேண்டும், லைன் ரன்னிங் பக்கம் வர வேண்டும். பையன் அண்ணன் பேச்சைக் கேட்டு லைனை ஸ்டார்ட்டிங் பக்கம் கொடுத்திருந்தான். காயில்கள் வேலையை மாற்றிக்கொண்டன, ஃபேன் திசையை மாற்றிக்கொண்டது. மாற்றிப் போட்டதும் காற்று கீழே வந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கடைக்கு வெளியே ஒரு மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் திமிர் அடங்குவதற்குள் டீச்சர் வந்தார்.

ஓய்வுபெற்ற டீச்சர். தனியாக இருப்பவர். வீடியோவைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பையனை வைத்து கண்டென்சரை மாற்றியிருக்கிறார். வேகம் வரவில்லை. கடைக்காரர் மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டார் என்று நினைத்து இன்னொன்றும் வாங்கி மாற்றியிருக்கிறார். அதற்கும் வரவில்லை. "தம்பி, உங்க வீடியோல சுத்துற மாதிரி எங்க வீட்ல சுத்தலையே" என்று கேட்டார். அதில் குற்றச்சாட்டே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

கடையில் ஆள் குறைவாக இருக்கும் நேரம் என்று மத்தியானமாகப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் போனோம். நான் மெயினை ஆஃப் செய்து, கண்டென்சர் முனைகளை இன்சுலேஷன் போட்ட ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்தேன். பொதுவாக அதில் மிச்சமிருக்கும் சார்ஜ் காயில் வழியாகவே வடிந்துவிடும். காயில் அறுந்திருந்தால் வடியாது, கையிலோ மீட்டரிலோ வந்து இறங்கும். பிறகு ஒரு முனையைக் கழற்றி அளந்தேன். கழற்றாமல் அளந்தால் காயிலும் சேர்ந்து எண்ணைக் குழப்பிவிடும். 2.48 வந்தது, அருமையான எண். மறுபடி மெயினைப் போட்டு ஹோல்டரில் வோல்டேஜ் பார்த்தேன், 228. அதையும் நோட்டில் குறித்தேன். ஒரு இறக்கையில் வெள்ளை டேப் ஒட்டி, போனில் விநாடிக்கு 240 ஃபிரேம் ஓடும் ஸ்லோமோஷனில் படம் பிடித்தேன். டேப் ஒரு சுற்று வர 41 ஃபிரேம். 240-ஐ 41-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் நிமிஷத்துக்கு 351 சுற்று. நாலடி இறக்கை உள்ள ஃபேனுக்கு அது நியாயமான வேகம்.

டீச்சரிடம் நோட்டைக் காட்டினேன். "ஃபேன்ல ஒண்ணும் இல்ல டீச்சர். வெயில் ஜாஸ்தி, அதான் உங்களுக்குக் காத்து பத்தாத மாதிரி தெரியுது" என்றேன். ஆம், அப்படியே சொன்னேன். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஒருவரிடம், உங்களுக்கு வியர்ப்பது உங்கள் பிரமை என்று கூட்டிக் கழித்து நிரூபித்தேன்.

அண்ணன் என் நோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார். கண்ணை மூடினார். "கர்ருங்குது. மேல் பேரிங்" என்றார். ஃபேனை இறக்கினார். 6202 ஒன்று, 6201 ஒன்று, இரண்டையும் புதிதாக அடித்து மாட்டினார். சத்தம் நின்றுவிட்டது, அதில் சந்தேகமில்லை. டீச்சர் பணம் கொடுத்தார். வாங்கிக்கொண்டோம்.

சத்தம் போடும் பேரிங் எல்லாம் வேகத்தைத் தின்பதில்லை. இறுகிப்போன பேரிங்தான் தின்னும். வித்தியாசம் தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. ஸ்விட்சை ஆஃப் செய்தபின் ஃபேன் எவ்வளவு நேரம் தானாக ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் முட்டிக்கொண்டு நின்றால் பேரிங் பிடிக்கிறது, நிதானமாகத் தேய்ந்து நின்றால் பேரிங் மேல் பழியில்லை. டீச்சர் வீட்டு ஃபேன் சாவகாசமாகத்தான் நின்றது. இந்தச் சோதனையை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அண்ணன்தான். காது சொன்னபிறகு கண் எதற்கு என்று அன்றைக்கு விட்டுவிட்டார்.

அடுத்த நாள் ராத்திரி எட்டரை மணிக்கு டீச்சர் போன் செய்தார். "தம்பி, இப்ப வந்து அளங்க" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

போனோம். கதவைத் திறந்ததுமே தெரிந்தது. ஃபேன் பெரிய மனுஷர் மாதிரி நடந்துகொண்டிருந்தது, டியூப்லைட் வேறு எரியலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. மீட்டரை வைத்தேன், 172. ஸ்லோமோஷன் எடுத்தேன், ஒரு சுற்றுக்கு 58 ஃபிரேம். நிமிஷத்துக்கு 248 சுற்று. மத்தியானத்தைவிட நூறு சுற்று குறைவு. கண்டென்சரை மறுபடி அளக்கிற துணிச்சல் எனக்கு வரவில்லை.

மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜ் குறைகிற அதே அளவில் குறைவதில்லை, வர்க்கமாகக் குறைகிறது. 228-க்குப் பதில் 172 வந்தால் வோல்டேஜ் முக்கால் பங்கு இருக்கிறது என்று தோன்றும். விசையில் முக்காலின் முக்கால், கிட்டத்தட்ட 57 சதவீதம்தான் மிச்சம். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியது நான் இல்லை, டீச்சர். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில்.

பழுது வீட்டுக்குள்ளா வெளியிலா என்பதுதான் பாக்கி. வீட்டிலிருக்கும் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு மெயின் போர்டில் அளந்தோம். 174. சுமையை எடுத்ததும் எண் எகிறியிருந்தால் சர்வீஸ் ஒயரிலோ மெயினிலோ லூஸ் கனெக்‌ஷன் என்று அர்த்தம். எகிறவில்லை. பக்கத்து வீட்டிலும் கேட்டு அளந்தோம், அங்கும் அதேதான். தெருவின் கடைசி வீடுகள் அவை. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் தெரு முழுக்க ஏசி ஓட ஆரம்பிக்கும்போது, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நீண்டு வரும் கம்பியில் வழியெல்லாம் வோல்டேஜ் கரைந்து, கடைசியில் இருப்பவர்களுக்கு மிஞ்சியது வருகிறது. தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுக்க வேண்டிய பிரச்சினை. ஸ்டூல் போட்டுத் தீர்க்கிற பிரச்சினை இல்லை.

வீடியோவில் நான் வெட்டியெறிந்த வோல்டேஜ் பகுதியில் இருந்தது இதுதான். "சாயங்காலம் மட்டும் மெதுவா சுத்துதுன்னா ஃபேனைத் தொடாதீங்க, மொதல்ல அந்த நேரத்து வோல்டேஜைப் பாருங்க" என்று அண்ணன் அதில் தெளிவாகச் சொல்லியிருந்தார். சொன்ன மனுஷரே மத்தியானம் போய் பேரிங் மாற்றிவிட்டு வந்தார் என்பதை நான் வழியில் நினைவூட்டினேன். எட்டு மணி ஃபேனுக்கு மத்தியானம் மீட்டர் வைத்த அறிவாளி யார் என்று அவர் கேட்டார். பஸ் ஸ்டாண்ட் வருகிறவரை இப்படியே போயிற்று. பேரிங் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. டீச்சர் வாங்கவில்லை. "சத்தம் நின்னுச்சுல்ல, அதுக்கு வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டார்.

வீடியோவைத் திரும்ப எடுத்தோம். வோல்டேஜ் முன்னால் வந்தது. ஒயர் நிறத்தை நம்பாதே, ஓம் அளந்து பார் என்பது நடுவில். கட்டைவிரல் மறைக்காமலிருக்க அண்ணன் நோஸ்பிளேயரால் ஒயரைப் பிடித்தார், அதை அவர் தன் கௌரவத்துக்கு இழுக்காகவே இன்னும் நினைக்கிறார். தீப்பிழம்பு இல்லாத தம்ப்நெயில். நாலாவது நிமிஷக் கூம்பு காணாமல் போய்விட்டது, வோல்டேஜ் இடத்தில் கோடு நான் எதிர்பார்த்த மாதிரியே விழுந்தது. வியூஸ் பழைய வீடியோவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. பழையதை நான் நீக்கிவிட்டேன். நீக்குகிற பொத்தானை அழுத்தியது அண்ணன், அவ்வளவு நேரம் என் விரல் அதன்மேல் சும்மா நின்றுகொண்டிருந்ததால்.

முன்பெல்லாம் ஃபேன் விஷயமாகக் கடைக்கு நாளெல்லாம் போன் வரும். இப்போது குறைந்துவிட்டது. வீடியோ ஓடவில்லை, யாரும் பார்க்கவில்லை, அதனால்தான் யாரும் கூப்பிடவில்லை என்பது என் வாதம். பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிட்டது, அதனால்தான் கூப்பிடவில்லை என்பது அண்ணன் கட்சி. எத்தனை போன் வந்தது என்று எழுதி வைக்க ஒரு நோட்டு போடலாம் என்றேன். "எழுது. ஆனா எதுக்குக் கூப்பிட்டாங்கன்னும் சேத்து எழுது" என்றார். அந்த இரண்டாவது கட்டத்துக்கு எவ்வளவு இடம் விடுவது என்று இப்போது தகராறு நடந்துகொண்டிருக்கிறது.